விண்டோஸ் அப்டேட்டின் கோப்புப் பகிர்வும் வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகமும்

கேள்வி: எங்கள் வீட்டில் செம்புக் கம்பி வழியே வரும் பிராட்பேண்ட் இணைப்பு இருக்கிறது. பதிவிறக்கம் 16 எம்பிபிஎஸ், பதிவேற்றம் 1 எம்பிபிஎஸ். மூன்று விண்டோஸ் மடிக்கணினிகள் உள்ளன. மாதத்தின் நடுவில் சில நாட்கள் மட்டும், யாரும் எதையும் அனுப்பாதபோதும், பிள்ளையின் வீடியோ வகுப்பு விட்டு விட்டு வருகிறது. ரவுட்டரில் பார்த்தால் அப்லோட் முழுவதும் நிரம்பியிருக்கிறது. விண்டோஸ் தன் அப்டேட் கோப்புகளை முகம் தெரியாதவர்களின் கணினிகளுக்கு நம் இணைப்பு வழியே அனுப்புகிறது என்று நண்பர் சொல்கிறார். அது உண்மையா? அதை நிறுத்திவிட்டால் அப்டேட் வராமல் போய்விடுமா?

பதில்:

நண்பர் சொல்வது உண்மையாக இருக்கக்கூடும். அது உங்கள் கணினிகளில் உள்ள ஓர் அமைப்பைப் பொறுத்தது. அதை நிறுத்தினாலும் அப்டேட் வருவது நிற்காது. மைக்ரோசாப்ட்டின் சேவையகங்களிலிருந்து நேரடியாக வந்துகொண்டே இருக்கும். எனவே அச்சமின்றி மாற்றலாம். ஆனால் மாற்றுவதற்கு முன், உங்கள் இணைப்பை நிரப்புவது உண்மையில் இதுதானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. ஏனெனில் கைப்பேசிகளின் புகைப்படக் காப்பு, கண்காணிப்புக் கேமரா, டோரண்ட் மென்பொருள் ஆகியவையும் ரவுட்டரில் இதே தோற்றத்தையே தரும்.

இந்த வசதியின் பெயர் Delivery Optimization. 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-உடன் இது பரவலாக வந்தது. இதன் செயல்முறை எளியது. ஒரு கணினி பெரிய அப்டேட் கோப்பையோ ஸ்டோர் செயலியையோ பதிவிறக்கும்போது அதைச் சிறு துண்டுகளாகப் பெறுகிறது. பெற்ற துண்டுகளை நிறுவல் முடிந்தவுடன் அழித்துவிடாமல் வட்டில் சிறிது காலம் வைத்திருக்கிறது. அதே கோப்பு தேவைப்படும் வேறொரு கணினி மைக்ரோசாப்ட்டின் ஒருங்கிணைப்புச் சேவையைக் கேட்டால், 'இன்னின்ன கணினிகளிடம் அது இருக்கிறது' என்று அந்தச் சேவை முகவரிகளைக் கொடுக்கிறது. கேட்ட கணினி துண்டுகளில் சிலவற்றைச் சேவையகத்திலிருந்தும் மற்றவற்றைச் சக கணினிகளிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. டோரண்ட்டின் தத்துவமேதான், தேடிப் போய் நிறுவாமலே வந்து சேர்ந்த டோரண்ட் என்று சொல்லலாம்.

இதில் உங்கள் சொந்தக் கோப்புகள் எதுவும் வெளியே போவதில்லை. மைக்ரோசாப்ட் எல்லோருக்கும் வெளியிடும் கோப்புகள் மட்டுமே பகிரப்படுகின்றன. பிறரிடமிருந்து வரும் துண்டுகளில் யாரேனும் எதையாவது செருகிவிடுவார்களோ என்ற ஐயத்துக்கும் இடம் குறைவு. ஒவ்வொரு துண்டும் எப்படி இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்புத் தகவலை உங்கள் கணினி மைக்ரோசாப்ட்டிடமிருந்தே பாதுகாப்பான இணைப்பில் பெறுகிறது. அதோடு பொருந்தாத துண்டு ஒதுக்கப்படும். ஆகவே பாதுகாப்பின் பேரில் இதை எதிர்ப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. என் ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 10 வெளிவந்தபோது ஹோம், புரோ பதிப்புகளில் இணையத்தில் உள்ள கணினிகளோடும் பகிர்வது என்பதே இயல்பு அமைப்பாக வைக்கப்பட்டது. நிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ், கல்வி நிலையங்களுக்கான எஜுகேஷன் பதிப்புகளிலோ உள்வலைக்குள் மட்டும் என்று வைக்கப்பட்டது. தங்கள் இணைப்பைக் கவனிக்கத் தனி ஊழியர்களை வைத்திருக்கும் இடங்களுக்கு எச்சரிக்கையான அமைப்பும், அப்படி யாரும் இல்லாத வீடுகளுக்குத் தாராளமான அமைப்பும் தரப்பட்டன. அன்று எழுந்த கண்டனம் நியாயமானது என்றே கருதுகிறேன். பிந்தைய பதிப்புகளில் இயல்பு அமைப்பு மாறி வந்திருக்கிறது. ஆயினும் உங்கள் கணினியில் எது தேர்வாகியிருக்கிறது என்பதைப் பதிப்பை வைத்து ஊகிப்பதைவிட நேரில் பார்ப்பதே சரி.

அடுத்து, 'மாதத்தின் நடுவில் சில நாட்கள் மட்டும்' என்று நீங்கள் எழுதியிருப்பது முக்கியமான தடயம். மைக்ரோசாப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்கப் பசிபிக் நேரப்படி காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. இந்திய நேரத்தில் அது செவ்வாய் இரவு 10.30 அல்லது 11.30 ஆகும், எனவே நம் கணினிகள் பெரும்பாலும் புதன்கிழமை முதல் அவற்றைப் பெறத் தொடங்குகின்றன. பெற்ற கோப்பைப் பகிர்வதற்காக வைத்திருக்கும் காலம், வேறு வகையில் மாற்றப்படாதவரை, 3 நாட்கள். உலகம் முழுவதும் எண்ணற்ற கணினிகள் அதே கோப்பைத் தேடுவதும் இதே நாட்களில்தான். ஆகவே இந்த வசதி காரணமாக இருந்தால், தொல்லை அந்தப் புதன்கிழமையை ஒட்டித் தொடங்கிச் சில நாட்களில் தணிய வேண்டும். மூன்று கணினிகளும் வெவ்வேறு நாட்களில் அப்டேட் பெற்றால் அந்தக் காலம் சற்று நீளும். மாதம் முழுவதும் ஒரே சீராகப் பதிவேற்றம் நிரம்பியிருந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

மறுமுறை அறிகுறி தென்படும்போது, ஐயத்துக்குரிய கணினியில் Resource Monitor திறந்து, Network பகுதியில் Send என்ற நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கி, அதிகம் அனுப்பும் செயல்முறை எது என்று பாருங்கள். Delivery Optimization தனிப் பெயரில் தெரியாது, svchost.exe என்ற பொதுப் பெயரின் கீழ் ஓடும் DoSvc என்னும் சேவை அது. அந்தப் பொதுப் பெயரில் வேறு பல சேவைகளும் ஓடுவதால், இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. கட்டளைச் சாளரத்தில் கீழ்க்கண்டதைத் தட்டச்சு செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

```
netstat -ano | findstr :7680
```

சக கணினிகள் தொடர்புகொள்ள இச்சேவை திறந்து வைத்திருக்கும் டிசிபி போர்ட் 7680. LISTENING என்ற வரி மட்டும் வந்தால், கதவு திறந்திருக்கிறது, இப்போது யாரும் வரவில்லை என்று பொருள். ESTABLISHED என்ற வரிகள் வந்தால் எதிர்முனை முகவரியைப் பாருங்கள். அது 192.168 என்று தொடங்கினால் உங்கள் வீட்டின் இன்னொரு கணினியாக இருக்கும். அதனால் உங்கள் இணைய இணைப்புக்குச் செலவு இல்லை. வெளி முகவரிகள் வரிசையாக நின்றால் நண்பர் சொன்னது உறுதியாகிறது. மேலும், உங்கள் கணினியின் முகவரிக்கு இறுதியில் 7680 இருந்தால் அவர்கள் உங்களை நாடி வந்திருக்கிறார்கள். எதிர்முனையில் 7680 இருந்தால் உங்கள் கணினி அவர்களை நாடிச் சென்றிருக்கிறது.

அந்த நேரத்தில் பார்க்க வாய்க்காவிட்டாலும் கணக்கு எழுதப்பட்டிருக்கும். அமைப்புகளில் Delivery Optimization பக்கத்தில் Activity monitor என்ற பகுதி இருக்கிறது. இந்த மாதம் எவ்வளவு மைக்ரோசாப்ட்டிலிருந்து வந்தது, எவ்வளவு சக கணினிகளிடமிருந்து வந்தது என்பதோடு, நீங்கள் இணையத்துக்கு எவ்வளவு அனுப்பினீர்கள், உள்வலைக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்பதையும் அது தனித்தனியே காட்டும். எழுத்து வடிவில் வேண்டுமானால் பவர்ஷெல்லில் இந்தக் கட்டளை போதும்.

```
Get-DeliveryOptimizationPerfSnapThisMonth
```

மூன்று கணினிகளிலும் இணையத்துக்கு அனுப்பியது சுழியம் என்று வந்தால், விண்டோஸின் மேல் பழியில்லை. கைப்பேசிகளையும் மற்ற கருவிகளையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

சில நூறு மெகாபைட் அனுப்பியதற்கா வகுப்பே அறுந்துபோகிறது என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை, அனுப்பிய மொத்த அளவில் இல்லை. அனுப்பும் திசையின் குறுகலில் இருக்கிறது. உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். இணையத்திலுள்ள கணினிகளுக்கு ஒரு மாதத்தில் அனுப்பக்கூடிய அளவுக்கு நிர்வாகிகளுக்கான கொள்கை அமைப்பில் குறிப்பிடப்படும் இயல்பு வரம்பு 20 ஜிபி. 100 எம்பிபிஎஸ் பதிவேற்றம் உள்ள ஃபைபர் இணைப்பில் 20 ஜிபியை அனுப்பி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. 1 எம்பிபிஎஸ் இணைப்பில் அதே 20 ஜிபிக்கு ஏறக்குறைய 44 மணி நேரம் ஆகும். ஒரே அமைப்பு, ஒரே வரம்பு. ஒரு வீட்டில் கண்ணுக்கே தெரியாதது, மற்றொரு வீட்டில் இரண்டு நாள் இணைப்பை விழுங்கிவிடுகிறது. ஒரு கணினியின் கணக்கே இது. உங்களிடம் மூன்று இருக்கின்றன.

பதிவேற்றம் நிரம்பும்போது பதிவிறக்கமும் ஏன் தளர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கோப்பு உங்களிடம் வந்துகொண்டிருக்கும்போது, உங்கள் கணினி சும்மா இருப்பதில்லை; 'இதுவரை வந்து சேர்ந்தது' என்ற சிறு ஒப்புதல் பொட்டலங்களை இடைவிடாமல் திருப்பி அனுப்புகிறது. 16 எம்பிபிஎஸ் வேகத்தில் முழுமையாகப் பதிவிறக்கினால், வழக்கம்போல இரண்டு பொட்டலத்துக்கு ஓர் ஒப்புதல் என்ற கணக்கில், நொடிக்கு ஏறத்தாழ 700 ஒப்புதல்கள் மேலே போக வேண்டும். அவற்றுக்கே உங்கள் 1 எம்பிபிஎஸ் பாதையில் கால் பங்குக்கு மேல் தேவைப்படும். ஒப்புதல் தாமதித்தால் அனுப்பும் சேவையகம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதனால்தான் வேகச் சோதனையில் பதிவிறக்கம் 16-லிருந்து 3 அல்லது 4-க்கு இறங்கிவிட்டதாகத் தெரிந்து, குறை இணைப்பு நிறுவனத்துடையது என்று பலர் புகார் கொடுக்கிறார்கள்.

வீடியோ வகுப்பைக் கெடுப்பது இதைவிட நுட்பமான ஒன்று. மோடத்தில் அனுப்பக் காத்திருக்கும் தரவுக்கென ஒரு தேக்கிடம் இருக்கிறது. அது 256 கிலோபைட் என்று கொள்வோம். 1 எம்பிபிஎஸ் வேகத்தில் 256 கிலோபைட் வெளியேற 2 நொடிக்குச் சற்று அதிகமாகும். தேக்கிடத்தை அப்டேட் துண்டுகள் நிரப்பிவிட்டால், பிள்ளையின் குரலைச் சுமந்த சிறு பொட்டலம் அவற்றின் பின்னால் போய் நிற்கிறது. 2 நொடி கழித்தே வெளியேறுகிறது. ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பிள்ளை உடனே சொன்ன பதில் அடுத்த கேள்வியின் நடுவில் போய்ச் சேருகிறது. வேகத்தின் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், இந்தக் காத்திருப்புதான் உரையாடலை உடைக்கிறது. இதை நீங்களே அளக்கலாம். இணைப்பு ஓய்வாக இருக்கும்போது ஒருமுறையும், தொல்லை இருக்கும்போது ஒருமுறையும் ping கட்டளை கொடுங்கள். ஓய்வில் 30 அல்லது 40 மில்லிநொடி என்று வந்தது, தொல்லையின்போது 1000-ஐத் தாண்டினால், தேக்கிடம் நிரம்பியிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இதைத் தணிக்கும் முயற்சிகளும் விண்டோஸில் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து இந்த வசதி LEDBAT என்ற முறையைப் பயன்படுத்துகிறது. பாதையில் தாமதம் கூடுவதை உணர்ந்து, பிற போக்குவரத்துக்கு வழிவிட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் முறை அது. மேலும், வேறு வகையில் மாற்றப்படாதவரை 4 ஜிபிக்குக் குறைவான நினைவகம் உள்ள கணினிகள் பகிர்வில் சேர்வதில்லை. மிகச் சிறிய கோப்புகளும் பகிரப்படுவதில்லை. ஆனால் 1 எம்பிபிஎஸ் பாதையில் 'மென்மையாக' நிரப்புவதற்குக்கூட இடம் எங்கே இருக்கிறது? குறுகிய இணைப்பு உள்ளவர்கள் இந்த நற்குணத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

இனி மாற்றும் முறை. விண்டோஸ் 11-இல் Settings > Windows Update > Advanced options > Delivery Optimization என்ற பாதையிலும், விண்டோஸ் 10-இல் Settings > Update & Security > Delivery Optimization என்ற பாதையிலும் அந்தப் பக்கம் கிடைக்கும். மேலே ஒரு பொத்தான் பிற கணினிகளிடமிருந்து பதிவிறக்குவதை அனுமதிக்கிறது. பெறுவதற்கு மட்டுமான அனுமதி போல அதன் வாசகம் தோன்றினாலும், கொடுப்பதற்கான அனுமதியும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பெரும்பாலோர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். அதன் கீழே, உள்வலைக் கணினிகள் மட்டுமா, இணையத்தில் உள்ளவையுமா என்ற இரண்டு தேர்வுகள் இருக்கும்.

உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது, பொத்தானை முழுவதும் அணைப்பதன்று. உள்வலை மட்டும் என்ற தேர்வை மூன்று கணினிகளிலும் வைப்பதே. காரணம், அந்த வசதி உங்களுக்கு உண்மையில் பயன்படுவது அங்கேதான். 900 எம்பி அப்டேட் ஒன்றை மூன்று கணினிகளும் தனித்தனியே இறக்கினால் 2.7 ஜிபி வருகிறது. 16 எம்பிபிஎஸ்-இல் 22 நிமிடத்துக்கு மேல் இணைப்பு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். முதல் கணினி இறக்கியதை மற்ற இரண்டும் வைஃபை வழியே பெரும்பாலும் அதனிடமே வாங்கிக்கொண்டால், வெளியிலிருந்து வருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையலாம். ஆனால் அதற்கு முதல் கணினி விழித்திருக்க வேண்டும். மூடி வைத்த மடிக்கணினி யாருக்கும் எதையும் தராது. மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்கினாலும் சேமிப்பு குறையும்.

விடுதி, பொது வைஃபை போன்ற அந்நிய வலைகளில் இருப்பவர்கள் பொத்தானையே அணைத்துவிடலாம். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துவோர் அந்த வைஃபையின் பண்புகளில் Metered connection என்பதை இயக்குவது மேலும் நல்லது. அப்படிக் குறிக்கப்பட்ட இணைப்பில் பிறருக்குப் பதிவேற்றுவது நடப்பதில்லை. ஆனால் பெரிய அப்டேட்டுகள் தாமாக இறங்குவதும் அதனால் தள்ளிப்போகக்கூடும் என்பதால், அவ்வப்போது நல்ல இணைப்பில் கணினியைச் சேர்த்து அப்டேட்டை முடித்துவிடுங்கள். விண்டோஸ் 10-இன் தொடக்கப் பதிப்புகளில் கம்பி இணைப்பை இவ்வாறு குறிக்க அமைப்புகளில் வழியில்லாமல் இருந்தது. 2017-இல் வந்த 1703 பதிப்பில்தான் அது சேர்ந்தது. மாதாந்தரத் தரவு வரம்பு உள்ள திட்டங்களில் இன்னொன்றையும் பாருங்கள். வரம்பில் பதிவிறக்கம் மட்டும் கணக்கிடப்படுகிறதா, பதிவேற்றமும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறதா என்று திட்டத்தின் விதிகளில் இருக்கும். இரண்டும் சேர்ந்ததென்றால், பிறருக்குக் கொடுத்த ஒவ்வொரு ஜிபியும் உங்கள் கணக்கிலேயே கழியும்.

இணையத்தில் சிலர் DoSvc சேவையையே முடக்கிவிடச் சொல்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அந்தச் சேவை பகிர்வதற்கு மட்டும் உள்ளதன்று. மைக்ரோசாப்ட்டிலிருந்து நேராக இறக்கும் வேலையையும் அதுவே செய்கிறது. அதை முடக்கினால் ஸ்டோர் செயலிகள் இறங்காமல் நிற்பது போன்ற புதிய தொல்லைகள் வரும். பகிர்வை நிறுத்த அமைப்புகளில் உள்ள தேர்வே போதும். ஏற்கெனவே சேர்ந்த கோப்புகள் வட்டில் இடம் பிடிப்பதாகத் தோன்றினால் Disk Cleanup-இல் Delivery Optimization Files என்று ஒரு வரி இருக்கும்; அதைத் தேர்ந்து அழித்துவிடலாம்.

அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காக ஒரு சொல். 'உள்வலை மட்டும்' என்ற முறையில் ஒரே வலையில் இருப்பவர்கள் யார் என்பதை ஒருங்கிணைப்புச் சேவை முதலில் பொது ஐபி முகவரியை வைத்தே தீர்மானிக்கிறது. பிறகு கணினிகள் ஒன்றையொன்று உள் முகவரியில் தொடர்புகொள்ள முயல்கின்றன. வீட்டில் இதனால் தீங்கில்லை. உங்கள் இணைப்பு நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைக் கொடுத்திருந்தாலும், அண்டை வீட்டின் உள் முகவரியை உங்கள் கணினியால் எட்ட முடியாது என்பதால் முயற்சி தோற்று நின்றுவிடும். ஆனால் பல கிளைகள் தலைமை அலுவலகத்தின் ஒரே வாயில் வழியாக இணையத்துக்குச் செல்லும் நிறுவனத்தில், எல்லாக் கிளைகளும் ஒரே வலை போலத் தோன்றும். உள் முகவரிகளும் எட்டும். அப்போது ஒரு கிளையின் கணினி, வெகு தொலைவிலுள்ள கிளைக்கு மெல்லிய வாடகைத் தடத்தின் வழியே கோப்புகளை அனுப்பத் தொடங்கிவிடும். அங்கே முறையை உள்வலை என்று நிலைநிறுத்துவதோடு, துணை வலைக்குள், அதாவது subnet-க்குள், மட்டுமே சக கணினிகளைத் தேடுமாறு கட்டுப்படுத்தவும் வேண்டும். நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் இரண்டு வரிகள் போதும்.

```
reg add "HKLM\SOFTWARE\Policies\Microsoft\Windows\DeliveryOptimization" /v DODownloadMode /t REG_DWORD /d 1 /f
reg add "HKLM\SOFTWARE\Policies\Microsoft\Windows\DeliveryOptimization" /v DORestrictPeerSelectionBy /t REG_DWORD /d 1 /f
```

முதல் வரியின் 1 உள்வலை முறையைக் குறிக்கிறது. அங்கே 0 என்று வைத்தால் பகிர்வே இல்லை, 3 என்று வைத்தால் இணையம் முழுவதும். இப்படிக் கொள்கையாக வைத்தபின் அமைப்புகள் பக்கத்தில் பயனர் அதை மாற்ற முடியாது. உங்கள் வீட்டுக்கு இந்தக் கட்டளைகள் தேவையில்லை. திரையில் உள்ள தேர்வை மூன்று கணினிகளிலும் மாற்றிவிட்டு, அடுத்த மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்குப் பின்வரும் வார இறுதியில் Activity monitor பக்கத்தைத் திறந்து, இணையத்துக்கு அனுப்பிய அளவு சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.